வந்து, வரும்போது, வர, வந்ததால்: செய்கிறவர் மாறினால் எதைப் போடுவது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நினைவஞ்சலி போஸ்டர், வாடகை ஒப்பந்தம், அப்புறம் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் இருப்பதால் மனுக்கள், மனுக்கள், மேலும் மனுக்கள். போன மாதம் ஒரு தம்பி தன் அக்கா கையால் எழுதிய புகாரைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த அக்கா திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவர், காலில் மாவுக்கட்டு, அதனால் நேரில் வர முடியவில்லை. நடந்தது முழுவதையும் ஒரே வாக்கியத்தில் எழுதியிருந்தார்:

> வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது எதிரே வந்த பைக் மோதி கீழே விழுந்து கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்து சிகிச்சை பெற்று வருகிறேன்.

படித்தால் புரிகிறது, இல்லையா? எனக்கும் புரிந்தது. ஆனால் இதை அப்படியே அடித்துக் கொடுத்தால், படிக்கிற அதிகாரி "கீழே விழுந்தது யாரு, பைக்கா, ஓட்டினவனா, இந்தம்மாவா?" என்று கேட்கலாம். "ஆஸ்பத்திரியில் சேர்த்தது யாரு, மோதினவனா?" என்றும் கேட்கலாம். ஒரு வாக்கியத்துக்குள் ஏழு காரியம், அதைச் செய்கிறவர்கள் நாலு பேரோ ஐந்து பேரோ, ஆனால் 'நான்' என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை.

இதே சந்தேகத்தை வேறு வேறு உருவத்தில் பலர் கேட்கிறார்கள். புதுச்சேரியில் மொழிபெயர்ப்பு வேலை செய்யும் நண்பர் ஒருவர், ஆங்கிலத்தில் ஒரு 'இங்' வந்தால் அதைத் தமிழில் 'து' போட்டு முடிப்பதா, 'போது' போட்டு முடிப்பதா, 'ஆல்' போடுவதா என்று வாரம் ஒருமுறையாவது போன் செய்வார். எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி, இரண்டு காரியத்தையும் செய்கிறவர் ஒருவரா, வேறு வேறா? இலக்கணத்தில் வினைமுதல் என்பார்கள், பள்ளிக்கூடத்தில் எழுவாய் என்று படித்தோம்.

இரண்டாவது, முதல் காரியம் இரண்டாவதற்கு நேரம் சொல்கிறதா, காரணம் சொல்கிறதா? 'நடந்து வரும்போது' என்பது நேரம். 'மோதியதால்' என்பது காரணம். சில வடிவங்கள் இதைத் திட்டமாகச் சொல்லும், சில வடிவங்கள் வாயைத் திறக்காமல் நம் தலையில் கட்டிவிடும்.

மூன்றாவது கேள்வியைத்தான் யாரும் கேட்டுக்கொள்வதில்லை. எழுவாயை நான் எழுதாமல் விட்டால், படிக்கிறவர் யாரைக் கொண்டுவந்து அங்கே உட்கார வைப்பார்? தமிழில் எழுவாயை விடுவது சர்வசாதாரணம், ஏனென்றால் வினைமுற்றே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்: வந்தேன் என்றால் நான், வந்தார் என்றால் அவர், வந்தது என்றால் அஃறிணை. ஆனால் அந்த ஆள் காட்டும் விகுதி கடைசி வினைக்கு மட்டும்தான் உண்டு. நடுவில் வரும் மோதி, விழுந்து, முறிந்து, சேர்த்து எதற்கும் அது கிடையாது. மேலே இருக்கும் வாக்கியத்தில் 'வருகிறேன்' ஒன்றுதான் 'நான்' என்று சொல்கிறது, அதற்கு முன்னால் இருக்கிற எல்லாம் ஆள் தெரியாத வினை.

ஆங்கிலத்திலும் இதே சிக்கல் உண்டு, அதற்கு 'டாங்கிலிங் பார்ட்டிசிபிள்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள், அந்தரத்தில் தொங்கும் எச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'வாக்கிங் ஹோம், தி ரெயின் ஸ்டார்ட்டட்' என்று எழுதினால் ஆங்கில வாத்தியார் சிவப்பு மையில் வட்டம் போடுவார், ஏனென்றால் அங்கே நடந்து போனது மழை என்று ஆகிவிடுகிறது. பக்கத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களைக் கேட்டால் அவர்கள் மொழியிலும் 'செய்துகொண்டே' என்பதற்கான வடிவத்துக்கு இதே விதிதான் என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், 'சாப்பிடச் சாப்பிடத்தான் பசி வரும்' என்ற பொருளில் அவர்களிடம் இருக்கும் பழமொழியே அந்த விதியை மீறுகிறது, சாப்பிடுவது மனிதர், வருவது பசி.

சரி, தமிழுக்கு வருவோம்.

## 'வந்து': செய்து என்னும் வாய்பாடு

இதுதான் நம் கை முதலில் போகிற இடம். எழுந்து, குளித்து, சாப்பிட்டு, கிளம்பி வந்தேன். எல்லாம் நான்தான், சங்கிலி எவ்வளவு நீண்டாலும் குழப்பமில்லை. செய்கிறவர் ஒருவராக இருக்கும்வரை இதைவிடச் சுகமான வடிவம் கிடையாது.

விதியும் அதுதான். நன்னூல் இந்த 'செய்து' வாய்பாட்டை, தன் வினைமுதலையே கொண்டு முடியும் எச்சங்களின் வரிசையில் வைக்கிறது. செய்து என்று தொடங்கியவர் யாரோ அவரேதான் முடிக்கவும் வேண்டும். காதும் இதையே சொல்கிறது. 'அப்பா வந்து கூட்டிப்போனார்' சரி. 'அப்பா வந்து நான் சாப்பிட்டேன்' என்று யாராவது சொன்னால் எந்த ஊர்க்காரர் என்று திரும்பிப் பார்ப்போம். 'அப்பா வந்ததும் சாப்பிட்டேன்' என்றுதான் வாயில் வரும்.

இவ்வளவுதான் என்றால் கட்டுரையே தேவையில்லை. மீறல்களும் உண்டு, அவையும் சரியான தமிழ்தான்.

'மழை பெய்து குளம் நிறைந்தது.' பெய்தது மழை, நிறைந்தது குளம். யாருக்காவது உறுத்துகிறதா? இல்லை. நம் ஊர்க்காரர்கள் சொல்லும் வாக்கியம் ஒன்று: '2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்து பண்ருட்டிப் பக்கம் முந்திரியெல்லாம் சாய்ந்துபோச்சு.' கடந்தது புயல், சாய்ந்தது முந்திரி. இதுவும் உறுத்தவில்லை. பழைய இலக்கணக்காரர்களும் இதைப் பார்த்திருக்கிறார்கள். வடிவம் 'பெய்து' என்று இருந்தாலும் பொருள் 'பெய்ய' என்பதுதான், சொல் திரிந்திருக்கிறது, பொருள் திரியவில்லை என்று அதற்குத் தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

இந்த விலக்கு எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பதற்கு நான் கடையில் பயன்படுத்தும் உரைகல் இது: முதல் காரியம் யாரும் நினைத்துச் செய்யாத காரியமாக இருக்க வேண்டும் (மழை, புயல், கரண்ட் போவது, டயர் வெடிப்பது), இரண்டாவது காரியம் அதன் விளைவாக இருக்க வேண்டும். 'டயர் வெடித்து வண்டி கவிழ்ந்தது' நிற்கும். 'மழை பெய்து நான் வீட்டுக்கு வந்தேன்' நிற்காது, ஏனென்றால் நான் வந்தது மழையின் விளைவு இல்லை, நானாக முடிவு செய்து வந்தது. மழை எவ்வளவு அடித்தாலும் என்னைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் போடவில்லை.

இன்னொரு விலக்கு உடம்புக்கு. 'கால் இடறி விழுந்தான்' என்கிறோம். இடறியது கால், விழுந்தது அவன். கால் அவனுடைய உறுப்பு என்பதால் அது தனி ஆள் இல்லை. 'சினைவினை சினையொடும் முதலொடும் செறியும்' என்று நன்னூல் ஒரே வரியில் இதற்கு அனுமதி கொடுத்துவிட்டது. உறுப்பின் வினை உறுப்போடும் முடியலாம், உறுப்புக்கு உரியவரோடும் முடியலாம். அந்த அக்காவின் வாக்கியத்தில் 'கால் எலும்பு முறிந்து ... சிகிச்சை பெற்று வருகிறேன்' என்ற துண்டு இந்த அனுமதியில்தான் தப்பிக்கிறது.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், 'து' நேரமா காரணமா என்று சொல்லாது. வரிசையை மட்டும் சொல்லும். 'பைக் மோதி விழுந்தேன்' என்றால் காரணம் என்று நாமாகப் புரிந்துகொள்கிறோம், எழுத்தில் அது இல்லை.

ஒரு தந்திரம் சொல்கிறேன், இது ஆங்கிலத்துக்கு அதிகம் கிடைக்காத வசதி. தமிழில் பல வினைகள் ஜோடியாக இருக்கின்றன: முடிந்து / முடித்து, சேர்ந்து / சேர்த்து, உடைந்து / உடைத்து, நிறைந்து / நிறைத்து. முதலாவது தானாக நடப்பது, இரண்டாவது ஒருவர் நடத்துவது. 'வேலை முடிந்து வந்தேன்' என்றால் முடிந்தது வேலை, வந்தது நான், பேச்சில் பழகிப்போய் யாரும் கண்டுகொள்வதில்லை. 'வேலையை முடித்து வந்தேன்' என்று ஒரே ஒரு எழுத்தை மாற்றி ஒரு 'ஐ' சேர்த்தால் முடித்ததும் நான், வந்ததும் நான், சிக்கலே காணாமல் போகிறது. இதையே தலைகீழாகச் செய்தால் ஆபத்து. 'ஆஸ்பத்திரியில் சேர்த்து சிகிச்சை பெற்று வருகிறேன்' என்றால் சேர்த்த ஆள் ஒருவர் வேண்டும், விகுதியோ 'நான்' என்கிறது, ஆக என்னை நானே தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தேனா? 'சேர்ந்து' என்றிருந்தால் பிரச்சினை இல்லை.

## 'வந்துகொண்டே'

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன், ஏனென்றால் இதில் பேரமே கிடையாது. இரண்டு காரியமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள். 'நடந்துகொண்டே போன் பேசினான்' சரி. 'நான் நடந்துகொண்டே மழை பெய்தது' என்பதை மழைக்கும் புயலுக்கும் கொடுத்த விலக்குகூடக் காப்பாற்றாது. ஆங்கில 'இங்'குக்கு மிக நெருங்கிய சொந்தக்காரர் இவர்தான், அதனால் மொழிபெயர்ப்பவர்கள் அதிகம் வழுக்குவதும் இங்கேதான். ஆங்கில மூலமே தொங்கிக்கொண்டிருந்தால் தமிழில் இன்னும் அசிங்கமாகத் தொங்கும்.

## 'வரும்போது', 'வந்தபோது'

செய்கிறவர் வேறு, சொல்ல வேண்டியது நேரம். அப்போது இதுதான் முதல் தேர்வு. 'நான் வீட்டுக்கு நடந்து வரும்போது மழை பிடித்துக்கொண்டது.' நடந்தது நான், பிடித்துக்கொண்டது மழை, விதி எதுவும் உடையவில்லை. எழுத்து நடையில் 'வருகையில்' என்றும் போடலாம், வேலை ஒன்றேதான், கொஞ்சம் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கும்.

காலம் மட்டும் கவனம். 'வீட்டுக்கு வரும்போது மழை பெய்தது' என்றால் வழியில் நனைந்தேன். 'வீட்டுக்கு வந்தபோது மழை பெய்தது' என்றால் வாசலில் காலை வைக்கிறேன், அப்போது மழை. ஐப்பசியில் கெடிலம் பாலத்தில் நின்று நனைந்தவருக்கு இரண்டும் ஒன்றில்லை.

இதைப் பாதுகாப்பான வடிவம் என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள், மறைந்திருக்கும் செலவும் அங்கேதான். இலக்கணப்படி வேறு எழுவாய் வரலாம் என்பது உண்மை, ஆனால் அந்த எழுவாயை எழுதாமல் விட்டால் 'வரும்' என்ற சொல்லிலும் ஆள் காட்டும் விகுதி இல்லை. இதைப் பாருங்கள்:

> பஸ்ஸை விட்டு இறங்கும்போது கண்டக்டர் மீதிச் சில்லறை கொடுத்தார்.

இறங்கியது நான் என்று எல்லோருக்கும் தெரியும், பஸ்ஸில் சில்லறை வாங்குவது யார் என்பது ஊரறிந்த சங்கதி. இப்போது இது:

> பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

இறங்கியது யார்? நானா, டிரைவரா? நான் என்றால் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பேசினார், வண்டி நகர்ந்திருந்தால் அது பெரிய குற்றச்சாட்டு. டிரைவர் என்றால் அவர் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் பேசினார், அதில் ஒரு குற்றமும் இல்லை. இரண்டும் முழுக்க முழுக்கச் சரியான தமிழ். இலக்கணப் பிழை என்று யாரும் சுட்ட முடியாது என்பதால்தான் இது கண்ணில் படாமல் தப்பித்துப் போகிறது.

கண்டுபிடிக்கும் வழி எளிது. பின்பாதியில் இருக்கும் எழுவாயை முன்பாதியில் வைத்துப் படித்துப் பாருங்கள். 'கண்டக்டர் இறங்கும்போது கண்டக்டர் சில்லறை கொடுத்தார்' என்றால் சிரிப்பு வருகிறது, ஆக ஆபத்தில்லை. 'டிரைவர் இறங்கும்போது டிரைவர் பேசிக்கொண்டிருந்தார்' என்றால் சிரிப்பு வரவில்லை, ஆக 'நான்' என்று எழுதியே ஆக வேண்டும். 'என்னை' என்று பின்பாதியில் நுழைத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். 'வீட்டுக்கு நடந்து போகும்போது வாத்தியார் என்னைப் பார்த்தார்' என்பதில் நடந்தது வாத்தியாராகவே இருக்கலாம், 'என்னை' அங்கே ஒரு உதவியும் செய்யவில்லை. 'நான்' முன்பாதியில், எச்சத்துக்கு முன்னால் வர வேண்டும்.

## 'வர': செய என்னும் வாய்பாடு

'அவர் கூப்பிட, நான் போனேன்.' 'கரண்ட் போக, கூட்டம் கூச்சல் போட்டது.' வேறு வேறு ஆட்கள் வருவதற்கென்றே பழைய தமிழ் வைத்திருந்த வாசல் இது, தன் வினைமுதலையும் கொள்ளும், பிறருடையதையும் கொள்ளும். சுருக்கமானது, வேகமானது, கதைக்கும் செய்திக்கும் கச்சிதம்.

ஆனால் இது ஒன்றுக்கு மூன்று வேடம் போடும். இலக்கண வகுப்பில் காட்டும் பழைய உதாரணங்களை அடுத்தடுத்து வைத்தால் தெரியும். 'மழை பெய்ய நெல் விளைந்தது': பெய்தது முன்னால், காரணம். 'ஞாயிறு பட வந்தான்': சூரியன் மறையும் அதே நேரம். 'நெல் விளைய மழை பெய்தது': விளைவது பின்னால், நோக்கம் போல. முதலாவதும் மூன்றாவதும் அதே நெல், அதே மழை, அதே வினைகள், இடம் மாறியதும் முன்பின் தலைகீழாகிவிட்டது. நெல்லுக்கும் மழைக்கும் எது முன்னால் என்று நமக்கே தெரியும், அதனால் பிழைத்தோம். 'கதவு திறக்க அவன் ஓடினான்' என்று எழுதிப் பாருங்கள். கதவு திறந்தது, உடனே ஓடினானா, கதவைத் திறப்பதற்காக ஓடினானா?

எச்சத்துக்குப் பின் ஒரு காற்புள்ளி போட்டால் கொஞ்சம் உதவும், முழுதாக உதவாது. மனுவில், ஒப்பந்தத்தில், மருந்துச் சீட்டு விளக்கத்தில் இதைத் தொடவே மாட்டேன். கதை எழுதுகிறவர்களிடமிருந்து மட்டும் இதைப் பிடுங்க மாட்டேன்.

## 'வந்ததால்'

காரணம் என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வரும் வடிவம். ஆட்கள் வேறாக இருந்தாலும் கவலையில்லை: 'பஸ் வராததால் நான் ஆட்டோவில் வந்தேன்.' மேலே நிற்காமல் போன 'மழை பெய்து நான் வீட்டுக்கு வந்தேன்' இங்கே 'மழை பெய்ததால் நான் வீட்டுக்கு வந்தேன்' என்று நிமிர்ந்து நிற்கிறது. 'எனக்கு' என்று தொடங்கும் சங்கதிகளுக்கும் இதுதான் நல்லது. 'எனக்குத் தூக்கம் வந்து படுத்தேன்' என்பது பேச்சில் தள்ளாடி நிற்கும், 'தூக்கம் வந்ததால் படுத்தேன்' என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

இரண்டு செலவு உண்டு. ஒன்று, அடிக்கும்போது ஒரு 'த' விழுந்துவிட்டால் காரணம் நிபந்தனையாகிவிடும். 'பணம் தந்ததால் வீட்டைக் காலி செய்வேன்' வேறு, 'பணம் தந்தால் வீட்டைக் காலி செய்வேன்' வேறு, வாடகை ஒப்பந்தத்தில் இந்த ஒரு எழுத்துக்காக இரண்டு தரம் அச்செடுத்திருக்கிறேன். எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருளுக்கு இரண்டும் சரியான சொல், அது சிவப்புக் கோடு போடாது.

இன்னொன்று, 'ஆல்' போட்டவுடன் நீங்கள் ஒன்றை ஒப்புக்கொள்கிறீர்கள். 'நான் போன் பேசிக்கொண்டு வந்தபோது பைக் மோதியது' என்பது நேரம். 'நான் போன் பேசிக்கொண்டு வந்ததால் பைக் மோதியது' என்பது என் தப்பு என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. பழியை யார் மேல் வைக்கிறோம் என்று தெரிந்து வைக்க வேண்டும்.

## வாக்கியத்தை வெட்டிவிடுவது

முற்றுப்புள்ளி வைத்து இரண்டாக்கிவிடலாம். 'வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு பைக் வந்தது.' ஒவ்வொரு வினைக்கும் அதன் விகுதி திரும்பக் கிடைத்துவிடும், வந்துகொண்டிருந்தேன் என்றால் நான், வந்தது என்றால் பைக், தொங்குவதற்கு ஒன்றும் இல்லை. நாலு வாக்கியம் இப்படிப் போனால் ஒன்றாம் வகுப்புப் பாடம் மாதிரி இருக்கும் என்பதுதான் இதன் விலை. மூன்றுக்கு மேல் ஆட்கள் வந்தால் அந்த விலையைக் கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி.

## ஒரே பார்வையில்

| வடிவம் | ஆள் மாறலாமா | என்ன சொல்லும் | எங்கே கடிக்கும் |
|---|---|---|---|
| வந்து | கூடாது. யாரும் நினைத்துச் செய்யாத நிகழ்வும் அதன் விளைவும், உடல் உறுப்பு மட்டும் விலக்கு | வரிசை | நடுவில் ஆள் தொலைந்துபோவார் |
| வந்துகொண்டே | கூடவே கூடாது | ஒரே நேரம் | மொழிபெயர்ப்பில் |
| வரும்போது / வந்தபோது | மாறலாம் | நேரம் | எழுவாயை விட்டால் இரண்டு பொருள் |
| வர | மாறலாம் | நேரம், காரணம், நோக்கம் மூன்றும் | எது முன்னால் என்று தெரியாது |
| வந்ததால் | மாறலாம் | காரணம் | ஒரு 'த' விழும். பழி விழும் |
| இரண்டு வாக்கியம் | கேள்வியே இல்லை | தனித்தனியாக | நடை துண்டு துண்டாகும் |

## அந்த மனுவுக்கு என்ன செய்தேன்

வாக்கியத்தைக் கண்ணி கண்ணியாகப் பிரித்தேன்.

'வேலை முடிந்து': முடிந்தது வேலை. பேச்சில் ஓடும், ஆனாலும் 'வேலையை முடித்து' என்று மாற்றினேன், செய்தவர் அக்கா என்று ஆகிவிட்டது. 'வீட்டுக்கு நடந்து வரும்போது': நடந்தது யார் என்று எழுதவில்லை. பின்னாலேயே பைக் நிற்கிறது, அதன் எழுவாயை முன்னால் வைத்துப் படித்தால் 'பைக் நடந்து வரும்போது' என்று சிரிப்புதான் வருகிறது, ஆக இங்கே பெரிய ஆபத்தில்லை. இருந்தாலும் 'நான்' சேர்த்தேன், மனுவில் சிக்கனம் பார்த்து என்ன ஆகப்போகிறது.

'பைக் மோதி கீழே விழுந்து': உண்மையான ஓட்டை இதுதான். மோதியது பைக் என்பது தெளிவு. விழுந்தது? பைக்கும் விழலாம், அக்காவும் விழலாம், இரண்டும் விழுந்திருக்கலாம். தம்பியிடம் கேட்டேன்.

"பைக் விழுந்துச்சா தம்பி?"

"இல்லண்ணே, அவன் நிக்கவே இல்ல. அக்காதான் விழுந்துச்சு."

நிற்கவே இல்லை என்பது எவ்வளவு பெரிய விஷயம், அது மனுவில் எங்கேயும் இல்லை! பைக் விழுந்தது என்று யாராவது படித்திருந்தால் வண்டி அங்கேயே கிடந்தது, ஆள் அகப்பட்டார் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். இந்த இடத்தில் 'ஆல்' வேண்டும், காரணத்தைச் சொல்லத்தானே புகாரே. 'மோதியதால் நான் கீழே விழுந்தேன்' என்று எழுதி, அங்கேயே முற்றுப்புள்ளி வைத்தேன்.

'கால் எலும்பு முறிந்து': உறுப்புக்கான அனுமதி இருக்கிறது, விட்டிருக்கலாம். ஆனால் அடுத்து இன்னொரு ஆள் வருகிறார், அதனால் 'முறிந்தது' என்று முடித்துவிட்டேன். 'ஆஸ்பத்திரியில் சேர்த்து': யார் சேர்த்தது என்று கேட்டால், பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனாராம். அவர் ஒரு சாட்சி! 'சேர்த்து' என்ற ஒரு சொல்லுக்குள் சாட்சியே ஒளிந்திருந்தார். அவரை வெளியே கொண்டுவந்தேன்.

கடைசியில் இப்படி வந்தது:

> நான் வேலையை முடித்து வீட்டுக்கு நடந்து வரும்போது, எதிரே வந்த பைக் என் மீது மோதியதால் நான் கீழே விழுந்தேன். பைக்கை ஓட்டியவர் வண்டியை நிறுத்தாமல் சென்றுவிட்டார். என் கால் எலும்பு முறிந்தது. அருகில் பெட்டிக்கடை வைத்திருப்பவர் என்னை ஆட்டோவில் அழைத்துச் சென்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நான் இப்போது சிகிச்சை பெற்று வருகிறேன்.

'நிறுத்தாமல் சென்றுவிட்டார்', 'அழைத்துச் சென்று சேர்த்தார்' இரண்டிலும் எச்சங்களை அப்படியே விட்டிருக்கிறேன் பாருங்கள். அங்கே ஆள் ஒருவர்தான், வெட்ட வேண்டிய அவசியமே இல்லை.

தம்பி அதை போனில் அக்காவுக்கு வாசித்துக் காட்டினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"எல்லாம் சரிடா. ஆனா நான் நான்னு மூணு வாட்டி வருதே, ஒரு மாதிரி இருக்காது?"

"வரட்டும் அக்கா," என்றேன் இந்தப் பக்கத்திலிருந்து. "விழுந்தது நீங்கதானே."

அப்புறம் இரண்டு நகல் எடுத்துக் கொடுத்தேன்.